கொசுவலை, கொசுவத்தி, லிக்விட், பேட்: எங்க வீட்டுல மாசம் எவ்ளோ ஆவுது, எது எந்த நேரத்துக்கு உதவும்

எங்க வீடு சேரன்மகாதேவி பக்கம். பின்வாசல்ல இறங்குனா வாய்க்கால், அதைத் தாண்டுனா வயக்காடு, முன்வாசல்ல தெரு வாறுகால், அதனால கொசுவுக்குப் பஞ்சமே கிடையாது. பிசானத்துக்கு நடவு ஆரம்பிச்சு மழையும் பிடிச்சிட்டுன்னா ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தார்சாவுல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. வீட்டுல அத்தை, மாமா, மாமாவோட அம்மா அதாவது ஆச்சி, அவுக, நான், ரெண்டு வயசு பாப்பா. படுக்கை மூணு இடத்துல, ஆச்சிக்கு தார்சாவுல கட்டில், அத்தையும் மாமாவும் ஓட்டு ரூம்ல, நாங்க பின்னாடி புதுசா எடுத்த கான்கிரீட் ரூம்ல. வீட்டு வரவு செலவு நோட்டு என் கையில இருக்கதால மளிகைக்கு எவ்ளோ, கொசுவுக்கு எவ்ளோன்னு தனியா எழுதி வச்சுத்தான் இதைச் சொல்லுதேன். விலை எல்லாம் இப்ப எங்க ஊர்க் கடையில உள்ளது, உங்க ஊர்ல அஞ்சு பத்து முன்ன பின்ன இருக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். எது பெஸ்ட்னு மொட்டையா கேட்டா பதிலே கிடைக்காது, ஏன்னா ராத்திரி தூங்கையில கடிக்கிற கொசு, விளக்கு வைக்கிற நேரத்துல உள்ள வர்ற கொசு, பகல்ல கடிக்கிற கொசு மூணுக்கும் வழி வேற வேற. வாறுகால் சாக்கடைத் தண்ணியில பெருகுற க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில கடிக்கும், யானைக்கால் நோய் பரப்புறது அதுதான். டெங்கு பரப்புற ஏடிஸ் பகல் கொசு, காலையில வெயில் ஏறுற நேரமும் பொழுது சாயுறதுக்கு முன்னாடியும் அதிகமா கடிக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டு செலவைப் பாருங்க.

எங்க வீட்டுல முன்னாடி எல்லாமே கொசுவத்திதான், அதாவது காயில். பத்து காயில் உள்ள பாக்கெட் 40 ரூவா. ஒரு காயில் சுமார் எட்டு மணி நேரம் எரியும், மூணு படுக்கைக்கும் படுக்கைக்கு ஒண்ணா கொளுத்துனா ராத்திரிக்கு மூணு, மாசம் 90, ஒம்பது பாக்கெட், 360 ரூவா. ஒரு நாளைக்கு 12 ரூவாதானேன்னு தெரியும், கடையில தினம் ஒண்ணு ரெண்டு சில்லறையா வாங்குதவங்களுக்கு இது செலவாவே தோணாது, மாசக் கடைசியில மொத்தமா கூட்டிப் பாத்தாத்தான் தெரியும் இது எவ்ளோ இழுக்குதுன்னு.

காயில்ல வேலை செய்யுறது புகைன்னுதான் நிறைய பேரு நினைக்காக. மருந்து ஆவியா வர்றது நெருப்பு முனைக்குக் கொஞ்சம் பின்னாடி சூடேறுற இடத்துல இருந்து, எரியுறது மரத்தூள், சிரட்டைத் தூள் மாதிரி சமாச்சாரம். புகை கூடுதலா வந்தா கொசு கூடுதலா ஓடும்னு கிடையாது, ஆனா நெஞ்சுக்குள்ள போறது அந்தப் புகைதான். அடைச்ச ரூம்ல ஒரு காயில் முழுசா எரிஞ்சா வெளிவர்ற நுண்துகளோட எடை 75ல இருந்து 137 சிகரெட் எரிச்சா வர்றதுக்குச் சமம்னு 2003ல வந்த ஒரு ஆய்வு அளந்து சொல்லிச்சு. எங்க ஆச்சிக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு, விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து உக்காந்து இருமுவாக, கட்டிலுக்கு அடியில அந்தத் தகர ஸ்டாண்டுல காயில் கனிஞ்சுக்கிட்டு இருக்கும். காயிலை நிறுத்துனதுக்கு அப்புறம் அந்த மூணு மணி இருமல் குறைஞ்சுட்டு. அதனால தூங்குற ரூமுக்குள்ள, அதுவும் சின்னப் பிள்ளையோ இளைப்பு உள்ளவங்களோ இருந்தா, காயிலே வேண்டாம்னு சொல்லுவேன். காயிலுக்குன்னு இடம் வெளியில இருக்கு. மாமா சாயங்காலம் மாட்டுத் தொழுவுல பால் பீச்சையிலயும் திண்ணையில நாலு பேரு வந்து பேசையிலயும் பாதிக் காயிலை ஒடிச்சு காத்து வர்ற பக்கமா வச்சா ஒரு நாலு மணி நேரம் தாங்கும், அது போதும். மாசம் பதினஞ்சு காயில், 60 ரூவா. காத்து திசை மாறிட்டுன்னா எடுத்து மாத்தி வைக்கணும், இல்லைன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல.

இடையில ஒரு விஷயம், பெட்டிக்கடையில கொசு ஊதுபத்தின்னு கட்டுக் கட்டா தொங்குது பாத்தீங்களா, அதை வாங்கும்போது கவர்ல மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தோட பதிவு எண்ணும், என்ன மருந்து எத்தனை சதவீதம்ங்கிறதும் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எம்புட்டு நல்லா வேலை செஞ்சாலும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, அதுல என்ன போட்டிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது.

லிக்விட் மிஷின் கதை வேற. 45 மில்லி ரீஃபில் 85 ரூவா, உள்ள இருக்கது பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின்ங்கிற மருந்து. புகை கிடையாது, அது பெரிய நிம்மதி. டப்பாவுல 30 ராத்திரின்னு போட்டிருக்கும், ஆனா அது நார்மல் மோடுல ராத்திரிக்கு எட்டு மணி நேரம்ங்கிற கணக்குல. கொசு கூடுற நாள்ல எல்லாருமே ஹை மோடுல போட்டுருவாங்க, காலையில ஆஃப் பண்ண மறந்து மத்தியானம் வரைக்கும் ஓடும், அப்போ பாட்டில் பாதி மாசத்துலயே காலி. மூணு இடத்துக்கும் ஒழுங்கா நார்மல்ல ஓட்டுனா 255, ஹையில ஓட்டுனா 450ஐத் தாண்டும். கரண்ட் செலவைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், மிஷின் அஞ்சு வாட் சுமாருதான், ராத்திரி பத்து மணி நேரம் ஓடுனாலும் மாசம் ஒண்ணரை யூனிட்.

பாட்டில் எவ்ளோ போகுதுன்னு தெரிய நான் செய்யுறது ரொம்பச் சின்ன வேலை. புது ரீஃபில் மாட்டுன அன்னைக்கு மருந்து மட்டத்துல பால்பாயிண்ட் பேனாவால ஒரு கோடு, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு கோடு. 45 மில்லி 30 ராத்திரிக்குன்னா ஒரு ராத்திரிக்கு ஒண்ணரை மில்லி, வாரத்துக்கு பத்தரை, அதாவது பாட்டில்ல கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கியிருக்கணும். அதைவிட வேகமா இறங்குனா ஹையில ஓடுது, இல்ல பகல்லயும் ஓடுது. இறங்கவே இல்லைன்னாத்தான் மோசம், லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், நாமளும் மருந்து வருதுன்னு நம்பிப் படுத்திருப்போம், திரி மேல் முனையில கறுப்பா அடைச்சிருக்கும், இல்ல மிஷின்ல சூடு ஏறலை. புது ரீஃபில் மாட்டியும் மட்டம் இறங்கலைன்னா மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க, நூறு ரூவாக்குள்ளதான்.

லிக்விட் எங்க வேலை செய்யுது, எங்க செய்யலைங்கிறது எங்க வீட்டுக்குள்ளயே தெளிவா தெரிஞ்சுட்டு. பின்னாடி கான்கிரீட் ரூம் பத்துக்குப் பத்து, கதவு ஜன்னலை அடைச்சு படுக்கதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டா நல்லாவே கேக்குது. அத்தை படுக்கிற ஓட்டு ரூம்ல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல விரல் நுழையுற இடைவெளி இருக்கு, ஆவி எல்லாம் அதுவழியா போயிரும், அதே மிஷின் அதே ரீஃபில், அத்தை விடியக்காலம் சொறிஞ்சுக்கிட்டே எழுந்திருப்பாக. தார்சாவுல சுத்தமா வேஸ்ட், மூணு பக்கமும் திறப்பு. ஓட்டு வீடு, கீத்து வீடு, ஜன்னல் அடைக்காம படுக்கிற வீடு இதுக்கெல்லாம் லிக்விட் வாங்கி காசைக் கரைக்க வேண்டாம். இன்னொண்ணு, மழைக்காலத்துலதான் கரண்ட் போகும், கரண்ட் போனா மிஷின் நின்னுரும், ஃபேனும் நின்னுரும், ரெண்டும் சேந்து நிக்கிற அந்த ராத்திரிதான் கொசு பிச்சு எடுக்கும்.

காயில் கேக்கலை, லிக்விட்டுக்கு மாறிட்டோம்னு சொல்லுதவங்க நிறைய. ரெண்டுலயும் இருக்கது ஒரே வகை மருந்து, பைரெத்ராய்டுன்னு சொல்லுவாக, காலங்காலமா அடிச்சு அடிச்சு நிறைய இடத்துல கொசுவுக்கு அது பழகிப் போச்சு. கீழ விழுந்த கொசுவை கூட்டித் தள்ளாம விட்டுப் பாருங்க, செத்த நேரத்துல காலை உதறிக்கிட்டு எழுந்து பறந்துச்சுன்னா மருந்து மயக்குது, கொல்லலைன்னு அர்த்தம். அந்த மாதிரி இடத்துல ஹை மோடுல போட்டோ ரெண்டு காயில் கொளுத்தியோ சரிக்கட்ட முடியாது.

இனி கொசுவலை. டபுள் கட்டில் சைஸ் 600 ரூவா ரெண்டு, ஆச்சிக்கு சிங்கிள் 350, மொத்தம் 1550. ஒரேயடியா கேக்கும்போது அத்தைக்கே திக்குன்னு இருந்துச்சு, "ஏட்டி, 1550 ரூவாயா, அதுக்கு வருசம் முச்சூடும் கொசுவத்தி வாங்கலாமே"ன்னாக. நோட்டை எடுத்துக் காட்டுனேன், வருசம் முச்சூடும் வராது அத்தை, நாலரை மாசம் கூட வராதுன்னு. மூணு வருசம் உழைச்சா மாசம் 43 ரூவா, முரட்டுத்தனமா புழங்கி ரெண்டே வருசத்துல கிழிஞ்சாலும் 65. கரண்ட் வேண்டாம், புகை இல்ல, கொசுவுக்கு மருந்து பழகிட்டா இல்லையாங்கிற கேள்வியே இதுக்கு இல்ல. படுத்து எழுந்திரிக்கிற வரைக்கும் உள்ள ஏழெட்டு மணி நேரத்துக்கு இதுக்கு ஈடு வேற எதுவும் இல்லைன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

ஆனா கட்டுற விதத்துலதான் எல்லாம் இருக்கு. வாங்கையில கண்ணி நெருக்கம் பாருங்க, ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்ணிங்கிறது பொதுவா சொல்லுத அளவு. உயரமும் நீளமும் தாராளமா இருக்கணும், கீழ மெத்தைக்கு அடியில ஒரு சாண் செருகுற அளவுக்குத் துணி மிஞ்சணும். பாயில படுக்கவங்க பாய்க்கு அடியில செருகணும், சும்மா தரையில தொங்க விட்டா ஃபேன் காத்துல ஓரம் தூக்கும், கொசு அதுவழியா நடந்தே வரும். சாதா வலையில மருந்து கிடையாது, அதனால முழங்கையோ பாதமோ வலையில ஒட்டிக்கிட்டு இருந்தா வெளிய உக்காந்தே ஊசியை நீட்டிக் குடிச்சிட்டுப் போயிரும். பாப்பா உருண்டு உருண்டு ஓரத்துக்குப் போயிருவா, அவ பக்கம் ஒரு நீளத் தலையணையை வலைக்கும் அவளுக்கும் நடுவுல போட்டோம், தொடையில வர்ற தடிப்பு நின்னுட்டு. அரசாங்கம் மலேரியா உள்ள ஊருகள்ல குடுக்கிற மருந்து தோய்ச்ச வலையில இந்தத் தொல்லை கம்மி, அது சுமார் 20 தடவை துவைக்கிற வரைக்கும், இல்ல மூணு வருசத்துக்கு மருந்து நிக்கிற மாதிரி செஞ்சது, அதை வெயில்ல காயப் போடக்கூடாது, நிழல்லதான் உலத்தணும்.

வலை ஒழுங்கா இருக்கான்னு தெரிய காலையில எழுந்ததும் அதைத் தூக்கிச் சுருட்டுறதுக்கு முன்னாடி நாலு மேல் மூலையையும் செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. குடிச்ச கொசு கனம் தாங்காம மூலையிலதான் தொங்கும், வயிறு செக்கச்செவேல்னு மணி மாதிரி தெரியும். வெறும் வயித்தோட ஒண்ணு ரெண்டு இருந்தா படுக்கையில நம்ம கூடவே வந்தது. சிவந்த வயித்தோட நாலஞ்சு இருந்தா எங்கியோ ஓட்டை, இல்ல ஓரம் செருகலை. ஓட்டையை வெளிச்சத்துக்கு எதிரா விரிச்சுப் பிடிச்சுத் தேடி ஊசி நூலால இழுத்துக் கட்டுனாப் போதும், செல்லோ டேப் ஒட்டுனா அடுத்த துவைப்புலயே போயிரும்.

வலைக்கு உள்ள ஒரே பெரிய குறை வெக்கை. நம்ம திருநெல்வேலி சித்திரை வெயில்ல வலைக்குள்ள படுன்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, சீலிங் ஃபேன் காத்துல பாதி மேல் துணியிலயே தங்கிரும். ஆச்சி முதல்ல "மூச்சு முட்டுது, எடுத்துப் போடு"ன்னுட்டாக. வாங்குனது கெட்டி நூல் வலை, அதை எடுத்துட்டு மெல்லிசு பாலியஸ்டர் வலையா போட்டு, ஸ்டாண்ட் ஃபேனை கட்டில் உயரத்துக்கு இறக்கி பக்கவாட்டுல திருப்பி வச்சோம், காத்து பக்கத்துத் துணி வழியா நேரா உடம்புக்கு வருது. இப்போ வலை கட்டாம படுக்க மாட்டேங்காக.

பேட் பத்தி. 400 ரூவா, நல்லா பாத்துக்கிட்டா ஒரு வருசம் வரும், மாசம் முப்பது நாப்பது. டப் டப்னு வெடிக்கிற சத்தத்துல நல்லா வேலை நடக்குத மாதிரி இருக்கும், ஆனா நாம முழிச்சிருந்து கண்ணுல பட்டதை மட்டும்தான் அடிக்கும், தூங்குறவங்களுக்கு அது காவல் கிடையாது. எங்க வீட்டுல அதோட வேலை ரெண்டே இடம்தான். ஒண்ணு, வலை இறக்கி ஓரம் செருகுனதுக்கு அப்புறம் உள்ள மாட்டிக்கிட்ட ஒண்ணு ரெண்டை அடிக்க. ரெண்டாவது, சாயங்காலம் கொடியில தொங்குற துணிக்குப் பின்னாடி, கதவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, இந்த இருட்டு மூலைகள்ல உக்காந்திருக்கதைக் கலைச்சு விட்டு அடிக்க. பேட் சீக்கிரம் செத்துப் போறது சார்ஜ் போடுற விதத்தாலதான். உள்ள பெரும்பாலும் சின்ன லெட் ஆசிட் பேட்டரி, ராத்திரி சொருகி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் விட்டா வறண்டுரும், சுத்தமா தீந்து போய் வாரக்கணக்கா கிடந்தாலும் போச்சு. டப்பாவுல போட்டிருக்க மணி நேரம் மட்டும் போட்டு எடுத்துருங்க, ஓஞ்ச மாதிரி தெரிஞ்சவுடனே திரும்ப சார்ஜ் போடுங்க. லைட் எரியுது ஆனா கொசு வெடிக்காம ஒட்டிக்கிட்டு மட்டும் இருக்குன்னா பேட்டரி ஓஞ்சிட்டு, எலக்ட்ரிக் கடையில பேட்டரி மட்டும் மாத்திக்கலாம். சார்ஜ்ல இருக்கும்போது பட்டனை அமுக்காதீங்க. அடுக்களையில கேஸ் வாடை வந்தாலோ ஸ்ப்ரே அடிச்ச உடனேயோ பேட்டை எடுக்கவே கூடாது, அது தீப்பொறி. சுவிட்சை அணைச்ச பிறகும் செத்த நேரம் உள்ள கரண்ட் நிக்கும், பிள்ளைங்க கைக்கு எட்டாம ஆணியில மாட்டுங்க.

சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்பதரை வரைக்கும் வலைக்குள்ள இருக்க முடியாது, அதுதான் இடைஞ்சலான நேரம். விளக்கு வைக்கிற நேரம் முன்வாசலைத் திறந்து பின்வாசலை அடைக்கது நம்ம வீடுகள்ல உள்ள பழக்கம்தானே, அதை அரை மணி நேரம் முன்னாடியே, அஞ்சரைக்கே செஞ்சுருதோம், வாய்க்கால் பக்கத்துல இருந்து வர்றது பெருமளவு நின்னுருது. பாப்பாவும் நானும் கான்கிரீட் ரூம்ல, அங்க ஒரு லிக்விட், நார்மல் மோடு, மூணரை மணி நேரம் மட்டும். 240 மணி நேரம் ஓடுற பாட்டில் அப்படி ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு மேல வருது, மாசம் 40 ரூவாக்குள்ள. தார்சாவுல ஆச்சிக்கு ஃபேனைக் காலுக்கு நேரா வச்சிருதோம், கொசுவால வேகமான காத்துல நிலைச்சுப் பறக்க முடியாது. ஆக வலை 43, லிக்விட் 40, பேட் 40, திண்ணைக்கும் தொழுவுக்கும் காயில் 60, மொத்தம் 183. முன்னாடி 360 குடுத்து புகையையும் குடிச்சு கடியும் வாங்கிக்கிட்டு இருந்தோம்.

பகல் கொசு இந்த 183க்குள்ள அடங்காது. 2012ல கடையநல்லூர் பக்கம் டெங்கு வந்து பட்ட பாடு இந்தப் பக்கத்துல யாரும் மறக்கலை. கால்ல வெள்ளை வரி உள்ள அந்தக் கொசு பிடிச்சு வச்சிருக்க நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், எங்களுக்கு குழாய்த் தண்ணி தினம் வராததால ட்ரம், தொட்டி, குடம்னு எல்லா வீட்டுலயும் ரொப்பி வச்சிருப்போம். முட்டை தண்ணிக்கு மேல ட்ரம் சுவர்ல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்பத் தண்ணி பட்டா பொரியும். அதனால தண்ணியைக் கொட்டுனா மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை உள் சுவரைத் தேங்கா நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, ட்ரம் வாயைப் பழைய வேட்டித் துணியால இறுக்கிக் கட்டணும். முட்டையில இருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள கழுவிட்டா பறக்காது. பாப்பா மத்தியானம் தூங்கும்போதும் வலையை இறக்கிருதேன்.

என் நாத்தனார் பாளையங்கோட்டையில மாடி வாடகை வீட்டுல இருக்கா, அவளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கான்கிரீட் வீடு, ஒரே ஒரு ரூம்ல நாலு பேரும் படுக்காக, அதனால ஒரு லிக்விட்டே போதும், மாசம் 85. ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, அதனால மடக்குற கூடார வலை ஒண்ணு பிள்ளைங்களுக்கு மட்டும் வாங்கச் சொன்னேன், ஆயிரம் ரூவா சுமாரு ஆகும். வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே விரிக்கச் சொல்லி ஜிப்பை முழுசா இழுத்து, ரெண்டு ஜிப்பும் சந்திக்கிற முனையில சுண்டு விரல் நுழையுதான்னு பாக்கச் சொல்லியிருக்கேன், அந்த வலையில கொசு போறது அந்த ஒரு இடத்துலதான். நுழைஞ்சா அதை வாங்காத, வேற எடுக்கச் சொல்லுன்னேன்.